சிவப்பு எந்தப் பக்கம்

மார்ச் 4

நீச்சல்குளத்து வேலை உறுதியாகிவிட்டது. பழுதுபார்த்து மறுபடி திறக்கப்போகிறார்கள். நுழைவாயில் கண்ணாடிச் சுவரில் பயிற்சியாளர்களின் முகங்கள் பெரிது பெரிதாக வர வேண்டும். தட்டையான நிறங்கள், கொஞ்சம் கோடுகள், என் வழக்கமான பாணி. நான் வரைந்து கொடுத்தால் பிரஸ்காரர் ஸ்டிக்கராக அடித்து ஒட்டுவார். மேலாளர் புகைப்படங்களை அனுப்பிவிட்டு, ஜாலியாக இருக்க வேண்டும், ஆனால் கார்ட்டூன் மாதிரி இருக்கக் கூடாது என்றார். எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். எனக்குப் புரிகிறது என்றேன். புரியவும் செய்கிறது, அதுதான் என் பிழைப்பே.

தண்ணீரைக் கண்டாலே காத தூரம் ஓடுகிறவளுக்கு நீச்சல்குளத்து வேலையா என்று அம்மா சிரித்தாள். வரையத்தானே கூப்பிட்டிருக்கிறார்கள், குதிக்கவா?

மார்ச் 6

முதலில் தலைமைப் பயிற்சியாளர். எல்லாரும் 'மாஸ்டர்' என்றே கூப்பிடுகிறார்கள். ஆயுள் முழுக்க வெயிலில் நின்ற முகம். சுருக்கத்துக்குப் பஞ்சமே இல்லை.

புகைப்படத்தில் ஆயிரம் விவரங்களுக்கு நடுவே ஒரு சுருக்கம் தெரிகிறது. நான் ஒரு முகத்துக்கு மொத்தமே முப்பது, நாற்பது கோடுதான் போடுகிறேன். அதில் ஒன்று சுருக்கத்துக்குப் போனால் அது கத்திக்கொண்டே இருக்கும். இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் போட்டால் மாஸ்டர் தன் அப்பா மாதிரி ஆகிவிடுவார். எல்லாவற்றையும் துடைத்தால் சோப்பு விளம்பரத்துக்குப் போய்விடுவார். ஆகவே சிரிக்கும்போது கண்ணோரத்தில் விரிகிறதே, அந்தக் கோடுகளை வைத்தேன். நெற்றியில் ஒன்று. மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பை மட்டும் கோடாகப் போடவில்லை, தோலைவிட ஒரு படி அடர்ந்த நிறத்தில் நிழலாக விட்டேன். கறுப்பில் போட்டால் சிடுமூஞ்சி ஆகிவிடுவார். கழுத்துச் சுருக்கத்தில் பாதி புகைப்பட விளக்கு செய்த வேலை, அதை எடுத்தாயிற்று.

வலது புருவத்தைப் பிளந்து ஒரு தழும்பு. போனில் கேட்டேன். குதிபலகையில் இடித்துக்கொண்டதாம். "அத விட்டுடாதம்மா. முடிஞ்சா கொஞ்சம் பெருசா போடு" என்றார். பெரிசாக்கவில்லை. புருவ முடியில் ஓர் இடைவெளி விட்டேன், அவ்வளவுதான். ஆளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

மார்ச் 7

என் சட்டம், பத்து வருடமாக மாறாதது: வந்து போவதை எடுத்துவிடு, வந்து தங்கியதை வை. பரு, உதட்டு வெடிப்பு, தூக்கமில்லாத கண்வளையம் எல்லாம் விருந்தாளிகள். மச்சம், தழும்பு, சுருக்கம் எல்லாம் வீட்டு ஆட்கள்.

நீச்சல் கண்ணாடி கண்ணைச் சுற்றிப் பதித்த வளையம்? விருந்தாளிதான், ஆனால் தினமும் வந்துவிடுகிற விருந்தாளி. எடுத்துவிட்டேன். போட்டால் முகம் ஆந்தையாகிவிடுகிறது.

மார்ச் 9

சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லித்தருபவரின் படத்தை இன்று திறந்தேன். பிள்ளைகள் வைத்த பெயர் மீன் டீச்சர். முப்பது வயது இருக்கும். இடது கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை பிறவி மச்சம். நல்ல அடர்சிவப்பு, கன்னத்தில் பாதி. பார்த்ததும் கை பரபரத்தது. இவ்வளவு தெளிவான முகம் எனக்குக் கிடைப்பதே அபூர்வம்.

மேலாளரும் உடனே கூப்பிட்டார், காத்திருந்தவர் மாதிரி. அந்தக் கன்னத்தை மட்டும் சரி பண்ணிவிடுங்கள், புதிதாக வரும் பெற்றோர் மிரளக் கூடாது, டீச்சருக்கே சங்கடமாக இருக்கும் என்றார். டீச்சர் சொன்னாரா என்று கேட்டேன். கேட்கவில்லை, எப்படிக் கேட்பது என்றார்.

வாயால்தான். வேறு எதனால் கேட்பது?

மார்ச் 10

நேரில் போய்க் கேட்டேன். மூடிய குளத்தின் அலுவலக அறை, குளோரின் வாடை, சுவரோரம் அடுக்கிய மிதவைப் பலகைகள். டீச்சர் வெடுக்கென்று ஒன்றும் சொல்லவில்லை. "ரெண்டு விதமாவும் போட்டுக் காட்டுங்கக்கா. பாத்துட்டு சொல்றேன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வீட்டு ஆள் என்று நான் சட்டம் போட்டுவிட்டேன், வீட்டுக்காரியைக் கேட்டேனா? அவர் வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டியதுதான். இத்தனை நாள் எனக்கு இது தோன்றவே இல்லை. சரி, இப்போது தோன்றிவிட்டது.

மார்ச் 12

மச்சம் வைத்த படம் லேசில் வரவில்லை. கோடு போட்டு எல்லை கட்டினால் முகத்தில் தேசப்படம் ஒட்டியது போல் இருக்கிறது. நிறத்தைக் கொட்டினால் காயம். கடைசியில் தோல் நிறத்துக்கு மேலே, கோடுகளுக்குக் கீழே ஒரு தனி லேயர். விளிம்பு மட்டும் புகைப்படத்தில் இருப்பது போலவே, வளைவுக்கு வளைவு. அங்கே பாணி காட்டக் கூடாது. கன்னத்து நிழல் மச்சத்தின் மேலும் விழ வேண்டும், அப்போதுதான் அது தோலாகிறது. அதே சிவப்பை உதட்டிலும் தொட்டேன். முகம் ஒன்று சேர்ந்துவிட்டது.

எப்போதும்போல் படத்தை இடவலமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். திருப்பினால்தான் கண் கோணல் கண்ணுக்குத் தெரியும். பிறகு மச்சமில்லாத இன்னொன்று, கால் மணி நேர வேலை. இரண்டையும் அனுப்பினேன். பரம திருப்தி. அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, என்னை வரைந்தால் சுருக்கமெல்லாம் எடுத்துவிடு என்றாள். சரி என்றேன். புதுச் சட்டம்.

மார்ச் 13

டீச்சர் கூப்பிட்டார். மச்சமில்லாததைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாராம். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது இந்த முகத்துக்காக எவ்வளவு அழுதிருக்கிறேன் தெரியுமா என்றார்.  

"இவ அழகாதான் இருக்கா. ஆனா இவகூட எந்தப் புள்ளையும் தண்ணில எறங்காது. இவ யாருன்னே தெரியாதே."

பிறகு விளக்கினார். பிள்ளைகள் நீந்தும்போது அவர் வலது பக்கத்தில் கூடவே நடப்பார். எப்போது தலையைத் திருப்பி மூச்சு வாங்குவது, எந்தப் பக்கம் என்று பிள்ளைகள் குழம்புவார்கள். வலது இடது ஐந்து வயதுக்கு ஏறாது. "சிவப்ப பாரு, மூச்சு வாங்கு" என்பாராம். தலையைத் திருப்பினால் இவர் இடது கன்னம் எதிரே இருக்கும். இத்தனை வருடமாக அதுதான் பாடம்.

மற்ற படம் நன்றாக இருக்கிறது, தினமும் பார்க்கிற முகம் மாதிரியே இருக்கிறது என்றார். மேலாளரிடம் சொல்லிவிட்டேன். ஆள் சம்மதித்துவிட்டார், இனி பேச்சில்லை.

மார்ச் 19

கண்ணாடியில் ஒட்டியாகிவிட்டது. மேலாளர் படம் அனுப்பியிருந்தார். அமர்க்களம்.

மார்ச் 20

அமர்க்களமாவது ஒன்றாவது.

புத்தி எங்கடி போச்சு உனக்கு? பத்து வருஷமா இதே வேலை—

டீச்சரிடம் படிக்கும் ஒரு சின்னப் பெண், அம்மாவோடு குளத்தை எட்டிப் பார்க்க வந்திருக்கிறாள். படத்துக்கு முன் நின்று கையை வீசி நீந்திக் காட்டினாளாம். சிவப்பைப் பார்த்துத் தலையைத் திருப்பினால் இடது பக்கம் போகிறது. "இது டீச்சர் இல்ல" என்றுவிட்டாள்.

மச்சம் வலது கன்னத்தில் இருக்கிறது. நான் படத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, திருப்பிய நிலையிலேயே சேமித்து அனுப்பியிருக்கிறேன். பார்வையை மட்டும் திருப்ப ஒரு பொத்தான் உண்டு, நான் படத்தையே திருப்பியிருக்கிறேன். ஒப்பிடும் புகைப்படமும் அதே கோப்பில் இருந்ததால் அதுவும் சேர்ந்து திரும்பிவிட்டது, ஒப்பிட்டபோது எல்லாம் சரியாகவே தெரிந்தது. மற்ற முகங்களை உடனே பார்த்தேன். மாஸ்டரின் புருவம் சரியாக வலதில் இருக்கிறது. இது ஒன்றுதான்.

டீச்சருக்கு ஏன் தெரியவில்லை? இதை யோசித்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டேன். அவர் தினமும் பார்க்கிற முகம் கண்ணாடியில் இருக்கிற முகம். இடம் வலமாகத்தானே இருக்கும்! உலகத்திலேயே இந்தத் தப்பைக் கண்டுபிடிக்க முடியாத ஒரே ஆளிடம் நான் சம்மதம் வாங்கியிருக்கிறேன்.

மேலாளர் குரலில் கொண்டாட்டம். இதற்குத்தான் அன்றே சொன்னேன், எடுத்திருந்தால் பிரச்சினையே வந்திருக்காது என்றார். அது உண்மைதான். மச்சமில்லாத முகத்தைத் திருப்பினால் பெற்ற தாய்க்குக்கூடச் சட்டென்று தெரியாது. சனிக்கிழமை திறப்பு. கன்னத்து அளவுக்குத் தோல் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டிவிடலாம், பத்து நிமிட வேலை, டீச்சரிடம் பேசிக்கொள்கிறேன் என்றார்.

"தப்பு பண்ணது நான். அவங்க கன்னம் இல்ல" என்றேன். "சனிக்கிழமை காலையில புது படம் இருக்கும். அதுவரைக்கும் யாரும் அதுல கை வைக்காதீங்க."

போனை வைத்துவிட்டுப் பிரஸ்காரரைக் கூப்பிட்டேன். 

மார்ச் 21

டீச்சரிடம் நானே சொன்னேன்.  சிரித்தார், அடக்கமாட்டாமல். ஸ்டிக்கர் யோசனையையும் மறைக்காமல் சொன்னேன். சிரிப்பு நின்றது. "ஒட்டினா நான் திறப்பு அன்னிக்கு வரமாட்டேன்னு அவர்ட்ட சொல்லிட்டேன்க்கா" என்றார். எனக்கு முன்பே பேசிவிட்டிருக்கிறார். நான்தான் அவருக்காகச் சண்டை போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

படத்தை அப்படியே திருப்பி அனுப்பினால் போதுமா? போதும்தான், ஆனால் திருப்புவதையே இனி நம்பமாட்டேன். வெளிச்சம் எல்லாருக்கும் ஒரே பக்கமிருந்து விழுகிறது. திருப்பியதில் இவருக்கு மட்டும் எதிர்ப்பக்கம் விழுந்திருக்கும். ஒட்டிய பிறகாவது அது என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். திறந்து பார்த்தேன். ஆமாம், கழுத்து நிழல் தவறான பக்கம். அமர்க்களம் என்று எழுதியவளுக்கு வேண்டும்தான். திருப்புவதற்கு முன் சேமித்த கோப்பிலிருந்து எடுத்து, புகைப்படத்தைத் தனித் திரையில் வைத்து, மச்சத்தின் விளிம்பை மறுபடி சரிபார்த்தேன்.

மார்ச் 23, சனி

விடிந்ததும் பிரஸ்காரரோடு போய்ப் பழையதை உரித்து, புதியதை ஒட்டினோம். காற்றுக்குமிழை ரப்பர் தகடால் நான் தேய்த்தேன், அந்தக் கன்னத்தை நானேதான் தேய்ப்பேன் என்று.

கூட்டம் வந்தது. யாரும் மிரளவில்லை. அந்தச் சின்னப் பெண்ணும் வந்தாள். படத்தின் முன் நின்று, கையை வீசி, தலையை வலது பக்கம் திருப்பி, வாயைத் திறந்து பெரிதாக மூச்சு வாங்கினாள். அவ்வளவுதான், உள்ளே ஓடிவிட்டாள். பாராட்டுப் பத்திரம்கூட இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை. எனக்குக் கண் கலங்கியது, குளோரின் என்று சொல்லிக்கொண்டேன்.

ஏப்ரல் 2

மேலாளர் தன் படத்தையும் வரைந்து தரச் சொல்கிறார். மூக்கோரத்து மருவை வைக்கவா, எடுக்கவா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறாராம். நிதானமாக யோசிக்கட்டும்.

ஏப்ரல் 11

அம்மா படம் முடிந்தது. சொன்னபடி சுருக்கமெல்லாம் எடுத்தேன். பார்த்துவிட்டு, இது யாருடி, உன் சித்தி மாதிரி இருக்கு என்றாள். கண்ணோரத்தில் மட்டும் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொல்லியிருக்கிறாள். வைக்கிறேன், எவ்வளவு என்று அவளே சொல்லட்டும்.

மே 5

பெரியவர்கள் வகுப்பில் சேர்ந்துவிட்டேன், காலை ஆறரை, அதற்கும் மீன் டீச்சர்தான். மூக்கு, காது, வாய், எல்லாவற்றிலும் தண்ணீர். கண்ணைச் சுற்றி ஆந்தை வளையம். பலகையை விட்டதும் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை, உயிர் போய்விடும் போலிருந்தது. பக்கத்திலிருந்து டீச்சர் குரல் கேட்டது.

தலையைத் திருப்பினேன். சிவப்பு அங்கேதான் இருந்தது. மூச்சு வந்தது.