கையில் எரியாத சோப்பு

ஸ்ரீவில்லிபுத்தூர்,
3.9.1999

அன்புத் தோழி தங்கபாய்க்கு,

ஆவுடை எழுதுவது. ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் என் தம்பி வேல்சாமி, நான் காய்ச்சும் சோப்புக்கு அவன் போட்டுத் தந்த வெப்சைட்டில் நீ எழுதியதை வாசித்துக் காட்டினான். "இதைப் போட்டு என் பிள்ளைக்குத் தோல் வெந்துவிட்டது, யாரும் வாங்காதீர்கள்." ஏட்டி, எனக்கு ஒரு கார்டு போட்டிருக்கக் கூடாதா? ஊரறியவா எழுதுவது? அவர் போன பிறகு, பாலுக்கு அழும் என் பிள்ளைக்கு இந்தச் சோப்பை விட்டால் ஏது கதி? ஒவ்வொரு தடவையும் என் கையில் தேய்த்துப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். எரியவே இல்லை. நீ எழுதியதை அழிக்கச் சொல்லிவிட்டேன்.

உன்
ஆவுடையம்மாள்


தாம்பரம்,
10.9.1999

ஆவுடைக்கு,

கழுத்திலும் அக்குளிலும் மெர்சிக்குத் தோல் உரிந்துவிட்டது. காரம் பட்ட புண் என்றார் டாக்டர். பேண்டேஜ் மில்லில் காஸ்டிக் தொட்டியிலிருந்து நாம் பஞ்சு அள்ளியதை மறந்துவிட்டாயா? காய்த்துப்போன அந்தக் கைக்கு என்ன தெரியும்? உனக்கு மட்டும் எழுதியிருந்தால் உனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். வாங்குகிறவர்களுக்கு யார் சொல்வது? மிச்சச் சோப்பை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மேலே வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்.

தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்,
20.9.1999

என் தங்கபாய்க்கு,

சோப்பை நனைத்து, விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். பேட்டரியை நக்கியதுபோல் சுரீரென்றது. தேங்காயெண்ணெய் பற்றாமல் அந்தத் தடவை பாதிக்குக் கடலையெண்ணெய் ஊற்றினேன். காஸ்டிக்கைக் குறைக்கவில்லை. கடலையெண்ணெய்க்கு அம்புட்டுக் காரம் வேண்டாம். மிஞ்சியது சோப்பிலேயே நின்றுவிட்டது.

நீ எழுதியதை மறுபடி ஏற்றச் சொன்னேன். வேல்சாமி, "வேண்டாம்க்கா, யாவாரம் படுத்துரும்" என்றான். நான் விடவில்லை. அதற்குக் கீழேயே என் பதில்: இவர் சொல்வது உண்மை. தப்பு என்னுடையது. உறையில் ஆகஸ்ட் என்று எழுதியிருக்கும் சோப்பைத் தொடாதீர்கள், திருப்பி அனுப்புங்கள், பணம் தருகிறேன். வாங்கியவர்கள் எல்லோருக்கும் தனியாகவும் எழுதினேன். இருந்த சோப்பைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். இனி எண்ணெய் மாறினால் காரத்தைப் புதிதாகக் கணக்குப் போடாமல் கலக்க மாட்டேன். நாக்கில் வைத்துப் பார்க்காமல் உறை போட மாட்டேன்.

மதுரையிலிருந்து ஒரு தாய் பதில் போட்டிருக்கிறாள். அவள் பிள்ளைக்கும் முதுகெல்லாம் கொப்புளமாம். உன் எழுத்தை அழித்த பிறகு வாங்கியவள்.

மெர்சி எப்படி இருக்கிறாள்?

உன்
ஆவுடை


தாம்பரம்,
4.10.1999

ஆவுடைக்கு,

மெர்சிக்குப் புண் ஆறிவிட்டது. கழுத்தில் தழும்பு நிற்குமாம்.

உன் பதிலைப் பார்த்தேன். சரியாக எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு வாங்க வருகிறவர்கள் உன்னை நம்பித்தான் வருவார்கள். உன் பிள்ளையை அது காப்பாற்றும். நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் ஜெபிக்கிறேன்.

ஆனால் உன் முதல் கடிதத்தை நேற்றும் எடுத்து வாசித்தேன். "பிள்ளைக்கு எப்படி இருக்கு?" என்று அதில் ஒரு வார்த்தை இருந்திருந்தால், நான் எழுதியதை நானே அழிக்கச் சொல்லியிருப்பேன். மதுரைப் பிள்ளையை நினைத்தால் அதுவும் தப்பாகத்தான் போயிருக்கும்.

இனி எனக்கு எழுதாதே.

தங்கபாய்