காதில் சொல்லாத பெயர்

மார்ச் 2

அன்புள்ள அண்ணி,

நீங்களும் குட்டியும் நலம்தானே? இங்கே தையல் கடையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்தபடி அவளையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பத்து நாள் தீட்டு கழிந்து, பதினோராம் நாள் உங்கள் அம்மா வீட்டில் பெயர் வைக்கிறார்களாம். அத்தை என்பதால் நான்தான் வலது காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டுமாம். ஏன் வலது காது? ஏன் மூன்று முறை? கேட்டால் அண்ணன் சிரிக்கிறார். "அதெல்லாம் புரோகிதரைக் கேளு. அன்னைக்கு நீ வாயைத் திறந்தா போதும்!"

அதுதான் அண்ணி பயம். எழுந்து நின்று வாசிக்கப் பயந்துதானே பள்ளிக்கூடத்தையே விட்டேன்.

உங்கள் நாத்தனார்

ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணி,

ஐந்து மாதத்துக்கும் மேலாக ஒன்றை மறைத்து வந்திருக்கிறேன். பெயர் வைத்த அன்று, தட்டில் பரப்பிய பச்சரிசியில் அண்ணன் மோதிரத்தால் பெயரை எழுதினார். பிறகு என் முறை. நான் குனிந்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மூன்று முறை உதட்டை அசைத்தேன், காற்றுதான் வந்தது. "அத்தை சொல்லியாச்சு!" என்று கைதட்டினார்கள்.

ஏழாம் மாதம் பிறக்கிறது. பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதத்தில்தான் முதல் சோறாம். அவளுடைய பெயரைச் சொல்லித்தான் ஊட்டுவார்களாம். அவளுக்குப் பெயர் இருக்கிறதா அண்ணி? என்னால் அது செல்லாமல் போய்விட்டதா?

உங்கள் நாத்தனார்

ஆகஸ்ட் 26

என் செல்லமே,

குழந்தை என் மடியில்தானே இருந்தாள்? நீ சொல்லியிருந்தால் எனக்குக் கேட்டிருக்காதா?

யாருக்கோ நடந்ததைப்போல அப்போதே புரோகிதரிடம் கேட்டேன். "அப்பா எழுதி மந்திரம் சொன்னதுமே பேரு வச்சாச்சும்மா. ஊரு கூப்பிடறதுக்கு முன்னாடி, சொந்தக்காரங்க வாயால குழந்தை தன் பேரைக் கேட்கணும். அதுக்குத்தான் காது" என்றார்.

அதனால்தான் நான் இன்னும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. குட்டி, வாலு, ராங்கி என்றே ஓட்டுகிறேன். "பெத்தவளுக்கே பேரு மறந்துபோச்சா?" என்று உன் அண்ணன் கிண்டல் செய்கிறார். சோறு ஊட்டுவதற்கு ஒரு நாள் முன்னதாக நீ வா. அறையில் நாம் மூன்று பேர் மட்டும்தான்.

உன் அண்ணி

செப்டம்பர் 6

அன்புள்ள அண்ணி,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். மூன்றாவது முறை சொன்னபோது அவள் திரும்பி என் மூக்கைப் பிடித்தாளே, அந்த நகக்கீறல் இன்னும் இருக்கிறது. மறுநாள் அண்ணன் அவளைத் தன் மடியில் உட்காரவைத்து, நெய்யும் தேனும் சேர்த்துக் குழைத்த சோற்றை மோதிரத்தில் தொட்டு நாக்கில் வைத்ததும், முகத்தைச் சுளித்துத் துப்பினாள். இரண்டாவது வாய்க்குத் தானே வாயைத் திறந்தாள். பாலைத் தவிர வேறொன்றும் உலகத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்ததோ?

இன்று கடையில் கட்டிங் மாஸ்டர் கேட்டார்: "ஏம்மா, உன் மருமக பேரு என்ன?"

சொன்னேன் அண்ணி. நாலு தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி மிஷின் அக்காவுக்கும் கேட்டது.

உங்கள் மகளின் அத்தை