லிஃப்டில் கேட்ட கேள்வி

அன்பு மனைவிக்கு,

இங்கே நாவலூர் ஆபீசில் நான்கு பேரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை லிஃப்டில் மேனேஜர் சிரித்துக்கொண்டே, "ஹவ் ஆர் யூ?" என்றார். "தூக்கமே வரலை சார், அடுத்து நானோன்னு பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. மாடி வந்ததும் விறுவிறுவென்று இறங்கிப் போனார்.

பக்கத்து சீட் வெற்றிவேல் தலையில் அடித்துக்கொண்டான். "மச்சான், அது வணக்கம் சொல்ற மாதிரிடா. உன்னைப் பார்த்துட்டேன்னு அர்த்தம், அவ்ளோதான். 'நல்லா இருக்கேன் சார், நீங்க?'ன்னு சொல்லிட்டுப் போ. நிஜமாவே பேசணும்னா தனியா டைம் கேளு."

மறுநாள் அப்படியே சொன்னேன். "குட், குட்" என்றார். அவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். தனியாகப் பேச நேரம் கேட்டேன், வெள்ளிக்கிழமை கொடுத்திருக்கிறார். என்ன கேட்பதென்று எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்று போனில் எப்படி இருக்கீங்கன்னு நீ கேட்டபோதும் அதே வேகத்தில், "நல்லா இருக்கேன், நீ?" என்றேன். நீயும் உடனே, "நல்லா இருக்கேன்" என்றாய். எட்டாம் மாத ஸ்கேன் எடுத்து மூன்று நாளாகிறது. அதைப் பற்றி உன் அம்மாவும் வாய் திறக்கவில்லை. போனில் கேட்டால் மறுபடி அதையேதான் சொல்வாய் என்று எழுதுகிறேன்.

நான் போகிற போக்கில் கேட்கவில்லை. டாக்டர் என்ன சொன்னார்?

பதிலுக்குக் காத்திருக்கும்
உன் கணவன்