பெயரை மறைத்தால் யார் பேசுவது?

வியாழன், இரவு

நாளை சினிமா தயாரிப்பாளர் எங்கள் கதையைக் கேட்கிறார். பெசன்ட் நகர் டீக்கடையில், நண்பன் பிரபு எழுதிய அண்ணன் தங்கை சண்டைக் காட்சியை எடுத்தேன். பேசுபவர் பெயரை விரலால் மறைத்து ஒரு வசனத்தை வாசித்தேன்.

"இது யாரு?"

"தங்கச்சி, மச்சி."

"அண்ணன்டா. எழுதின உனக்கே தெரியல."

அடுத்த வரி: "நம்ம அப்பா செத்து மூணு வருஷம் ஆச்சுண்ணா."

"இது அண்ணனுக்குத் தெரியாதா?"

"ஆடியன்ஸுக்குத் தெரியணும்ல?"

அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதினேன். தங்கை: "அப்பா வாட்ச்சைக் கழட்டிட்டுப் பேசு." அண்ணன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சாப்ட்டியாம்மா?" என்கிறான்.

இனி பெயரே தேவையில்லை. இந்தக் காட்சி நிற்கும்.

பைக்கில் ஏறும்போது பிரபு கேட்டான்: "மத்த சீனெல்லாம்?"

"சாப்ட்டியா மச்சி?" என்றேன்.