வடக்கு வீட்டு விளக்கு

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ துறைமுகத்திலிருந்து போனில் பேசிய அன்று நான் உன்னிடம் சொல்லாதது இதுதான்: அம்மா வீட்டில் இல்லை. ஆறு நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் அங்கே மூன்றாவது மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்துதான் உன்னோடு பேசினேன்.

குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. அம்மாவின் மூக்குக்கண்ணாடி இன்னும் ஃபிரிட்ஜ் மேலேயே இருக்கிறது. எடுக்கக் கை வரவில்லை. மறுபடி கப்பல் ஏறிவிட்டாயே, அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அன்று நாம் பாதி நேரம் கம்ப்யூட்டரில் நாம் ஆடும் அந்தப் படகு விளையாட்டைப் பற்றித்தான் பேசினோம். அதில் நீ படகுக்காரன். வெள்ளம் ஏறுகிறது, ஒரே ஒரு நடை போகலாம். வயர்லெஸ்ஸில் ஒரு பெண் வழி சொல்லிக்கொண்டே வருகிறாள். முழுக் கதையும் அவள் குரலில்தான். வடக்கு வீடு காலி, தெற்கே போ என்றாள். நீயும் போனாய். கடைசியில் வடக்கு வீட்டில் ஆட்கள் இருந்தார்கள் என்று தெரிந்ததும் உனக்கு வந்த கோபம் இருக்கிறதே! "அவ யாருடி முடிவு பண்ண? ரெண்டு வீட்டையும் காட்டிட்டு என்னைக் கேட்கட்டும். கஷ்டமோ நஷ்டமோ, நான்ல தேர்ந்தெடுக்கணும்?" என்று கத்தினாய்.

ஏமாந்தவன்மேல் பழி வராது என்பது உன் கட்சி. வடக்கு வீட்டில் விளக்கு எரிந்ததைப் பார்த்தாயே, அப்புறம் என்ன என்பது என் கட்சி. அதற்குப் பிறகு நான் அதை இரண்டு முறை விளையாடிவிட்டேன். குரல் "காலி" என்று சொல்லும்போதே தூரத்தில் அந்த வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிறது. ஓரத்தில் இருக்கும் பணிப் பட்டியலிலும் அந்த வீட்டின் பெயர் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கிறது. பட்டியலை விளையாட்டு எழுதுகிறது என்று நாம் நம்பினோம். எழுதுபவள் அவள்தான். கேள்வி வரும் இடத்தில் தெற்கு, திரும்பிப் போ என்ற இரண்டே விடைகள். ஆனால் எதையும் அழுத்தாமல் துடுப்பை வடக்கே திருப்பினால் படகு போகிறது! தடுக்க யாரும் இல்லை.

அவள் தவறாகச் சொன்னாளா, பொய் சொன்னாளா என்பதற்கும் அத்தாட்சி இருக்கிறது. "காலி" என்பதற்கு முன்னால் மட்டும் வயர்லெஸ் இரைச்சல் ஒரு நொடி நின்றுபோகிறது. பேசும் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு யோசித்திருக்கிறாள். படகில் நாலு பேருக்குத்தான் இடம், வடக்கே ஏழு பேர். யாரை விடுவது என்ற வேதனை படகுக்காரனுக்கு வேண்டாம் என்று நினைத்தாள். வேதனையை எடுப்பதாக நினைத்து அவன் தேர்வையே எடுத்துக்கொண்டாள். உன் கட்சிதான் சரி, அண்ணா. விளக்கைப் பார்த்தவனைவிட, விளக்கு இல்லை என்றவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அன்று நீ பேச்சுக்கு நடுவே, "அதென்ன கடகடன்னு சத்தம்?" என்று கேட்டாய். எதிர்வீட்டில் அலமாரி நகர்த்துகிறார்கள் என்றேன். அது ஸ்ட்ரெச்சர் சக்கரம். அம்மாவிடம் கொடு என்றாய். ஒரு நொடி பேசாமல் இருந்தேன். பிறகு, தூங்குகிறாள் என்றேன்.

அந்தத் துறைமுகத்திலேயே இறங்கியிருந்தால் இரண்டு நாளில் நீ வீட்டில் இருந்திருப்பாய். கப்பல் மறுபடி கரை தொட இருபது நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். வேலையா அம்மாவா என்று நீ தவிக்க வேண்டாம் என்று நினைத்தேன். "ஒரு மாசம் தாங்கலாம், உறுதியா சொல்ல முடியாது" என்றார் டாக்டர். நான் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டேன். படியேறிப் போனதும் அம்மா, "பெரியவன் வர்றானா?" என்றாள். வந்துகிட்டே இருக்கான் என்றேன். இரண்டு பக்கமும் நான்தான் குரல்.

நீ வீட்டுக்கு வந்தபோது, எல்லாம் திடீரென்று ஆகிவிட்டது என்று உன்னிடம் சொன்னதும் பொய். நீ என் தலையைத் தடவி, "உனக்கே தெரியாதே, நீ என்னம்மா பண்ணுவே" என்றாய். அந்தக் கையை என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மன்னிக்கச் சொல்லவில்லை. என்னிடம் பேசுவதா வேண்டாமா என்பதை இந்த முறை நீயே முடிவு செய். எதையும் மறைக்கவில்லை. நீ எந்தக் கடலில் இருந்தாலும் நலமாக இரு.

உன் தங்கை

பி.கு. உன்னிடம் போனில் பேசியதிலிருந்து பதினோராம் நாள் காலை பத்தே காலுக்கு அம்மா இறந்தாள். நீ வாசலுக்கு வந்தது இருபத்து மூன்றாம் நாள்.