அட்டைப் பெட்டியின் எடை

ஐப்பசி 14, வெள்ளி

தாமிரபரணித் தண்ணீரில் என்னைப்போல அல்வா கிண்ட ஆளில்லை என்று அம்பாசமுத்திரம் முழுக்கச் சொல்லித் திரிகிறவன் நான். போன வாரம் மகள் போனில் காட்டினாள். கூகுளில் யாரோ கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தார். "அட்டைப் பெட்டியையும் அல்வா விலைக்கு நிறுக்கிறார்."

"மூன்று தலைமுறைக் கடை, இது பொறாமை" என்று பதில் போடச் சொன்னேன். கடைக்கு வயது ஒன்பது.

மறுநாள் காலிப் பெட்டியை நிறுத்தேன். அறுபது கிராம். அரைக் கிலோ கேட்டவர்களுக்கு நானூற்று நாற்பதுதான் கொடுத்திருக்கிறேன்.

முதலில் தராசின் எண்களை வாங்குபவர் பக்கம் திருப்பி வைத்தேன். அதற்கு மேல் மனம் வரவில்லை. இன்றுதான் காலிப் பெட்டியை வைத்துப் பொத்தானை அழுத்தி, எண் பூஜ்யமானதும் அல்வாவைப் போட்டேன்.

வாரந்தோறும் வாங்கும் பால்கார அண்ணாச்சி உற்றுப் பார்த்தார். "தராசு புதுசா வே?"

"ஆமா அண்ணாச்சி, கோயம்புத்தூர்ல சொல்லிச் செஞ்சது."

"நல்லா இருக்கு வே" என்று நம்பிப் போனார்.

அதே பழைய தராசு. அந்தப் பொத்தான் முதல் நாளிலிருந்தே அதில் இருக்கிறது.