முற்பகல் எனக்கு, பிற்பகல் அவளுக்கு

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நாங்கள் நலம். அத்தானுக்குத் தையல் பிரித்தாகிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், என்னையும் அதட்டுகிறார்.

நாலு ஆட்களோடு வந்து வெங்காயக்காரியின் மூட்டைகளைத் தெருவில் கொட்டு என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அத்தானுக்குத் துணையாக நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சந்தை வாசல் மூலையில் நான் கீரை விற்கும் இடத்தில் கடை விரித்தவள் அவள். காலையில் சந்தை திறக்கும் மணி அடித்தும் ஆள் வராத இடத்தை அன்றைக்கு மட்டும் வேறொருவருக்குக் கொடுப்பது சந்தை வழக்கம். அவளோ நான் திரும்பி வந்தும் எழுந்திருக்கவில்லை. அந்த மூலை போனால் எங்கள் அடுப்பு எரியாது.

நெடுநாள் வராததால் என் உரிமம் காலாவதியாம், அவளுக்கோ உரிமமே இல்லையாம். சந்தை கிளார்க் சுண்ணாம்புக் கோடு கிழித்து ஆளுக்குப் பாதி என்றார். முழங்காலை மடக்கக்கூட இடமில்லை. போட்டி போட்டு விலையைக் குறைத்தோம், இருவருக்கும் நஷ்டம்.

அப்புறம் அவரே நின்று வியாபாரத்தைக் கவனித்தார். கீரை காலையில் போகிறது, வெங்காயமும் உருளைக்கிழங்கும் மாலையில் போகின்றன. மத்தியானம் வரை நான், அதற்குமேல் அவள் என்றார். இரண்டு பேர் பேரிலும் ஒரே உரிமம். தரையைத் துடைத்துக் காயவைத்துத்தான் ஒப்படைக்க வேண்டும். ஒருத்தி தப்பு செய்தாலும் இரண்டு பேருக்கும் கடை மூடல்.

எனக்கு அது போதவில்லை. பழி தீர்க்க வேண்டும். ஒருநாள் கீரைக்குத் தெளிப்பதுபோல இரண்டு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டு எழுந்தேன். அவள் மூட்டைகள் அடியில் நனைந்தன. சந்தையே கூடும்படி கத்தினாள். கேட்கச் சுகமாக இருந்தது.

கிளார்க் மறுநாள் கடையை மூடிவிட்டார். அவள் வெங்காயத்தை வெயிலில் பரப்பிக் காப்பாற்றிக்கொண்டாள். நான் விடியுமுன் வாங்கிய கீரையெல்லாம் வீட்டில் வாடிச் சுருண்டது. இன்னொரு தடவை நடந்தால் மூலையை மூன்றாவது ஆளுக்குக் கொடுப்பேன் என்று கிளார்க் சொன்னபோது, நாங்கள் இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். எனக்கே வெட்கமாகிவிட்டது.

இப்போது அவள் மூட்டைக்கு அடியில் பலகை போடுகிறாள். நான் விற்காமல் விட்ட கட்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி, சாயங்காலம் விற்றுத் தருகிறாள். ஒண்ணும் பாசமில்ல, கீரைக்கு வர்றவ வெங்காயமும் வாங்குவா, அவ்வளவுதான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திமிர் குறையவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஆகையால் தம்பி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு வராதே. அவளை நான் மன்னித்துவிட்டதாக நினைக்காதே. தினமும் மத்தியானம் இடம் மாறும்போது திட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தச் சண்டை எங்களுடையது. அவள்மேல் வேறு யார் கை வைத்தாலும், அது நீயாகவே இருந்தாலும், குறுக்கே முதலில் நிற்பவள் உன் அக்காதான்.

நல்லபடியாக இரு, கண்ணு.

உன் அக்கா